புதுப்பிப்பு: திடீர் வாடகை உயர்வுக்கு நான் கொடுத்த பதில்

முன்பு இங்கே நான் கேட்டிருந்தது: "ஒப்பந்தக் காலம் பாதிகூட முடியவில்லை, அதற்குள் கடை வாடகையைக் கூட்டி, குறிப்பிட்ட காலம் காலி செய்யக் கூடாது என்ற லாக்-இன்னும் கேட்கிறார் ஓனர், என்ன எழுதலாம்?"

சரி, பதிலை எழுத்தில் அனுப்பிவிட்டேன். வாடகைப் பிரிவில் "ஆண்டு நிறைவில் 5 சதவீதம்" என்று இருக்கும் வரியை அப்படியே போட்டு, நடுவில் 30 சதவீதம் கேட்க எந்தப் பிரிவு இடம் தருகிறது என்று மட்டும் கேட்டேன். லாக்-இன்னுக்கு, 2 மாத நோட்டீஸில் நான் காலி செய்யலாம் என்றுதான் இருக்கிறது, அதை மாற்ற இருவரும் கையெழுத்திட வேண்டும், எனக்குச் சம்மதமில்லை என்று எழுதினேன்.

"வாடகையை நிறுத்து, தானே வழிக்கு வருவார்" என்றார் இங்கே ஒருவர். பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்ல நாமே காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதனால் பழைய வாடகையையே தேதி தவறாமல் வங்கியில் போடுகிறேன்.

இங்கே கணக்கர் அண்ணன் ஒருவர் கேட்டதுதான் உதைக்கிறது: "அதே நோட்டீஸ் உரிமை ஓனருக்கும் இருக்கா, பாத்தீங்களா?" பார்த்தேன், இருக்கிறது. ஒப்பந்தப்படி அந்த 30 சதவீத உயர்வு செல்லாது, ஆனால் அவரும் 2 மாதத்தில் வெளியே போகச் சொல்லலாம். அதனால் லாக்-இன் இருவரையும் கட்டுப்படுத்தி, வாடகை உயர்வும் ஆண்டுக்கு 5 சதவீதத்திலேயே நின்றால் பேசத் தயார் என்று அப்புறம் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.