சந்தா புதுப்பிப்பு மெயில்: பயன்படாத லாகின்களை நாமே சொல்லிவிடலாமா?

வணக்கம். ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் மென்பொருள் சந்தா மார்ச் 31-இல் முடிந்து, தானாகப் புதுப்பிக்கப்படும். வேண்டாமென்றால் 30 நாள் முன்பே, அதாவது மார்ச் 1-க்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். அதனால் மெயிலை பிப்ரவரி முதல் வாரமே அனுப்பப் போகிறேன். மார்ச் நடுவில் அனுப்பினால் அது நினைவூட்டல் ஆகாது, பில் வரப்போகிற தகவல் மட்டும்தான்.

வரைவு இப்படித் தொடங்குகிறது:

“உங்கள் சந்தா மார்ச் 31-இல் முடிகிறது. மாற்றம் வேண்டுமானால் மார்ச் 1-க்குள் சொல்லுங்கள். இந்த ஆண்டு 4,120 பில்கள் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட 14 உதவிகளில் 13 அன்றே முடிந்தன.”

இரண்டு தேதியும் முதல் வரிகளிலேயே இருக்கின்றன; கீழே போட்டால் கண்ணில் படாது. பயன் எண்களும் அவர்கள் கணக்கிலிருந்தே எடுத்தவை, “நேரம் மிச்சம்” மாதிரி பொதுப்பேச்சு இல்லை.

சிக்கல் இதுதான்: வாங்கிய 10 லாகின்களில் கடைசி 90 நாளில் 6 மட்டுமே பயன்பட்டிருக்கின்றன. மறைத்தால், பில் பாஸ் செய்யும் கணக்குப் பிரிவு கண்டுபிடித்து மொத்தமாக நிறுத்திவிடும் என்று பயம். இதே மெயிலில் 7-ஆகக் குறைக்கச் சொல்லலாமா, தனியாக போனில் பேசலாமா? செய்து பார்த்தவர்கள், எந்த வாசகம் எடுபட்டது என்று சொல்லுங்கள்.