[கலைச்சொல்] சுவரில் பூக்கும் உப்புக்கு ஒரு சொல் வேண்டும்

தூரிகை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கட்டுமானப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். செங்கல் சுவரிலும் சாந்துப் பூச்சிலும் வெள்ளையாகப் படியும் உப்புக்கு ஆங்கிலத்தில் எஃப்ளோரசன்ஸ் என்கிறார்கள். நூலில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. 'உப்புப்பூப்பு' என்று எழுதி வைத்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. வேறு சொல் சொல்லுங்கள். படிக்கப்போகிறவர்கள் கொத்தனார்களும் மேற்பார்வையாளர்களும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நன்னூல் அடியான் எழுதியது:

சங்கடம் நியாயமானதே. பூப்பு என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது பெண் பருவமடைதல். சுவருக்கு அது வேண்டாம்.

ஆனால் 'பூ' என்னும் வேரை விட்டுவிடாதீர்கள். அந்த ஐரோப்பியச் சொல்லின் இலத்தீன் மூலமும் மலர்தலைத்தான் குறிக்கிறது. அவர்களிடம் நாம் கடன் வாங்க வேண்டியதும் இல்லை. நெருப்பில் நீறு பூக்கிறது, நெற்றியில் வியர்வை பூக்கிறது, வழிபார்த்த கண் பூத்துப்போகிறது. உள்ளிருப்பது மேற்பரப்பில் மெல்ல வந்து தோன்றுவதைப் 'பூத்தல்' என்பது நம் வழக்கு. ஆகவே உப்புப் பூத்தல். நடுவில் 'ப்' கட்டாயம். உப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். மற்ற குற்றியலுகரங்களுக்குத்தான் அல்வழியில் மிகாது என்று நன்னூல் விலக்குத் தருகிறது. எழுவாய்த் தொடரானால் மிகாது என்று இன்று பள்ளியில் சொல்லித்தருவதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தும்பி எழுதியது:

பூத்தல் அழகுதான், ஆனால் அது சொற்றொடர், கலைச்சொல் அன்று. 'உப்புப் பூத்தல் எதிர்ப்புச் செங்கல்' என்று யாரால் வாய்விட்டுச் சொல்ல முடியும்? ஒற்றைச் சொல்லாக 'உவரலர்வு' என்று வைக்கலாம். உவர் என்பது மண்ணிலும் நீரிலும் உள்ள உப்புத்தன்மைக்கு நல்ல பழஞ்சொல். உவர்மண், உவர்நீர் எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. அலர்வு என்றால் மலர்தல்.

நன்னூல் அடியான் எழுதியது:

அலர் என்றால் அகத்திணையில் ஊர்வாய்ப் பேச்சும்கூட. சுவரைப் பற்றி ஊர் பேசுகிறதா என்ன? வெள்ளை படிந்த சுவரைப் பற்றி விருந்தாளிகள் பேசத்தான் செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

எல்லோரும் தவறான திசையில் போகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். அந்தச் சொல்லுக்கு வகுப்பில் நாங்கள் தரும் பொருள் வேறு. நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் வைத்திருக்கும் படிகம் உலர்ந்த காற்றில் அந்த நீரை இழந்து பொடியாவதே அது. சலவை சோடா படிகத்தைத் திறந்து வைத்தால் மேலே வெண்பொடி பிடிக்குமே, அதுதான். இதில் உப்பு எங்கிருந்தும் நகர்ந்து வருவதில்லை. நீர்தான் வெளியேறுகிறது. 'நீரிழந்து பொடிதல்' என்று போடுங்கள்.

கரணை எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாகக் கட்டடங்களில் மேற்பார்வை செய்கிறேன். ஆசிரியை அம்மா சொல்வது வேதியியலில் சரி. தூரிகை கேட்பது வேறொன்று. சுவரில் நடப்பதைச் சொல்கிறேன்.

செங்கல் மண்ணிலும் சிமென்டிலும் கழுவாத மணலிலும் கொஞ்சம் கரையும் உப்பு எப்போதும் இருக்கும். பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம் சல்பேட்டுகள். சுவருக்குள் நீர் புகும்போது உப்பு கரைகிறது. நீர் நுண்துளைகள் வழியே காற்றுப்படும் பக்கம் நகர்ந்து அங்கே ஆவியாகிறது. உப்பால் ஆவியாக முடியாது, தங்கிவிடுகிறது. உப்பு, நீர், உலரும் பரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வெள்ளை வரும். உப்பை முழுக்க நீக்க முடியாது. காற்றை நிறுத்தக் கூடாது. ஆகவே கைவைக்க வேண்டியது நீரில்தான்.

ஆசிரியை அம்மாவின் பொருளும் அதே சுவரில் நடக்கிறது என்பது வேடிக்கை. சோடியம் சல்பேட் முதலில் கண்ணாடிபோன்ற ஊசிகளாக, பத்து நீர் மூலக்கூறுகளோடு முளைக்கும். காற்று உலர்ந்ததும் அந்த நீரை இழந்து வெள்ளை மாவாகும். நாம் கையால் துடைப்பது அந்த மாவைத்தான்.

சொல்லைப் பொறுத்தவரை, எங்கள் ஆட்கள் 'உப்புப் பூத்திருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வடக்குச் சுவர் எழுதியது:

கலைச்சொல் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தொல்லை தெரியும். என் வீட்டு வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பட்டை வந்தது. முதலில் பூஞ்சணம் என்று நினைத்து ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன். பலன் இல்லை. பிறகு, ஈரம் இல்லாவிட்டால் உப்பு வராது என்று கேள்விப்பட்டு, உட்பக்கம் முழுவதும் நீர்புகா வண்ணம் இரண்டு கை பூசினேன். நான்கு மாதம் வெள்ளையே இல்லை. ஐந்தாம் மாதம் வண்ணம் கொப்புளித்தது. கொப்புளத்தை உடைத்தால் உள்ளே சாந்து மணலாக உதிர்கிறது. இதற்கும் அதே சொல்தானா?

கரணை எழுதியது:

இந்தக் கேள்விதான் இந்த இழையிலேயே பயனுள்ளது. இல்லை, அதே சொல் கூடாது.

முதலில் பூஞ்சணம் பற்றி. ஐயம் வந்தால் ஒரு துளி நீர் வையுங்கள். உப்பு என்றால் கரைந்து மறையும், உலர்ந்தால் மறுபடி வரும். பூஞ்சணம் கரையாது. (சுண்ணாம்புப் படிவும் நீரில் கரையாது. ஆனால் அது கெட்டியாக ஒட்டியிருக்கும், பஞ்சுபோல் இருக்காது. நீர்த்த அமிலம் பட்டால் நுரைக்கும்.)

ஈரம் இல்லாவிட்டால் உப்பு வராது என்று நீங்கள் கேட்டது சரி. ஆனால் உங்கள் வண்ணம் ஈரம் வரும் வழியை அடைக்கவில்லை, போகும் வழியை அடைத்தது. முன்பு சுவரின் முகத்தில் உலர்ந்த நீர் இப்போது தோலுக்குக் கீழே, சாந்தின் துளைகளுக்குள் உலர்கிறது. உப்பும் அங்கேயே படிகமாகிறது. உலர்ந்த சோடியம் சல்பேட் மறுபடி ஈரம் பட்டு நீர் ஏற்றுப் படிகமாகும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் போகும். அது ஏறக்குறைய 32 டிகிரி செல்சியசுக்குக் கீழேதான் நடக்கும். அதாவது சாதாரண அறை வெப்பத்தில், ஈரமும் உலர்தலும் மாறிமாறி வரும் ஒவ்வொரு முறையும் நடக்கலாம். சாந்து எத்தனை முறை தாங்கும்? வெளியே பூப்பது அழகுக்குத்தான் கேடு. உள்ளே நடப்பது சுவரைத் தின்கிறது.

சுவரின் வெளிப்பக்கம் என்ன இருக்கிறது?

வடக்குச் சுவர் எழுதியது:

பூச்செடிப் பாத்தி. சுவரை ஒட்டி மண்ணை ஓர் அடி உயர்த்திப் போட்டேன். தினமும் நீர் விடுகிறேன். வெள்ளை அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. இப்போது எழுதும்போதுதான் இரண்டையும் சேர்த்து நினைக்கிறேன்.

கரணை எழுதியது:

அப்படியானால் உங்கள் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. அது வெளித்தரைக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கொட்டிய மண் அந்த அடுக்கைத் தாண்டி நேரே செங்கலுக்கு நீர் ஊட்டுகிறது. நீர் முழங்கால் வரை ஏறி, அங்கே உலர்கிறது. அதனால்தான் பட்டை அந்த உயரத்தில்.

முதலில் பாத்தியை அகற்றுங்கள். பிறகு உள்ளே கொப்புளித்த வண்ணத்தையும் உதிரும் சாந்தையும், பட்டைக்கு மேலே இன்னும் ஓர் அடி வரை செங்கல் தெரியச் சுரண்டுங்கள். உடனே பூசாதீர்கள். சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். உலரும்போது முன்னைவிட அதிகமாக வெள்ளை பூக்கும். பயப்பட வேண்டாம், அது உப்பு வெளியேறுகிறது என்பதன் அடையாளம். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, மாவைத் தட்டில் வாங்கி எடுத்துப் போட்டுவிடுங்கள். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் மாவு குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாவிட்டால் நீர் வேறு எங்கிருந்தோ வருகிறது, குழாயைச் சந்தேகியுங்கள். குறைந்த பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி, சுவாசிக்கும் வண்ணம் அடியுங்கள்.

தூரிகை எழுதியது:

இதைப் படித்த பிறகுதான் என் நூலின் ஒரு பக்கம் புரிந்தது. உள்ளே நடப்பதற்கு அவர்கள் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டையும் ஒன்றாகவே மொழிபெயர்த்திருந்தேன். அப்படியே அச்சாகியிருந்தால், 'தேய்த்து விட்டால் போதும்' என்ற அறிவுரை உதிரும் சுவருக்கும் போயிருக்கும். உள்ளே நடப்பதற்கு 'உப்பரிப்பு' சரியா?

தும்பி எழுதியது:

அரித்தல் என்றால் கரைத்துத் தின்பது. இங்கே உள்ளிருந்து நெம்பி உடைப்பதல்லவா? 'உள்ளலர்வு' என்றால் 'உவரலர்வு' என்பதோடு இணையாக நிற்கும்.

நன்னூல் அடியான் எழுதியது:

பொரிதல்! சங்கப் பாடல்களில் 'பொரியரை' என்று வருமே, பட்டை வெடித்துச் செதிலான அடிமரம். உள்ளிருந்து உப்பி மேல்தோல் பிளந்து உதிர்வது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பொருக்கு என்பதும் இதற்கு உறவாகலாம். அதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கரணை எழுதியது:

'உப்புப் பொரிதல்' எனக்குச் சரி. 'சுவர் பொரிந்துவிட்டது' என்று சொன்னால் கொத்தனாருக்கு விளங்கும். உள்ளலர்வு என்றால் என்னிடம் திரும்பிக் கேட்பார்.

வேதியியல் ஆசிரியை எழுதியது:

நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், ஏற்கிறேன். ஆனால் பாடநூலில் நாளை 'பூத்தல்' என்று என் பொருளில் யாராவது எழுதினால் மாணவர்கள் குழம்புவார்கள். அகராதியில் இரண்டு பொருளையும் பிரித்துக் காட்ட வேண்டும். இது என் பதிவாக இருக்கட்டும்.

தூரிகை எழுதியது:

நேரம் இல்லை. நால்வர் 'உப்புப் பூத்தல்', 'உப்புப் பொரிதல்' பக்கம். தும்பி ஐயா மட்டும் மாற்றுக் கருத்து. பொரிதலோடு முடித்து அனுப்பிவிட்டேன். சுண்ணாம்புப் படிவுக்கு 'சுண்ணாம்புப் பூத்தல்' என்று போட்டேன், யாரும் என்னை அடிக்க வேண்டாம்.

தும்பி எழுதியது:

அடிக்கவில்லை. ஆனால் 'உப்புப் பூத்தல் எதிர்ப்புச் செங்கல்' என்பதை எப்படி எழுதினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

தூரிகை எழுதியது:

'உப்புப் பூக்காத செங்கல்.'

வடக்குச் சுவர் எழுதியது:

பாத்தியை அகற்றி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை தேய்த்தேன். முதல் முறை ஒரு கைப்பிடி, இரண்டாம் முறை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இது சரிதானே?

கரணை எழுதியது:

மூன்று வாரம் போதாது. மூன்றாம் மாதம் சொல்லுங்கள்.

நன்னூல் அடியான் எழுதியது:

அச்சுப்படி பார்த்தேன். பதிப்பாசிரியர் எல்லா இடத்திலும் 'உப்பு பூத்தல்' என்று 'ப்'-ஐ நீக்கியிருக்கிறார். அவர் முகவரி யாரிடமாவது இருக்கிறதா?