4 துணிக்கை, 2 பெட்டி: W என்பது 6 ஆ, 16 ஆ?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிற ஆட்களிட்ட ஒரு உதவி.

எந்திரப்பிக்கு நாலு புளியங்கொட்டையில் 1, 2, 3, 4 என்று இலக்கமிட்டு, இரண்டு பெட்டிக்குள் போடவைக்கிறன். ஒவ்வொரு கொட்டைக்கும் இரண்டு தெரிவு. ஆகவே மொத்தம் 16 நுண்நிலைகள். இடப்பக்க எண்ணிக்கைப்படி பிரித்தால் 1, 4, 6, 4, 1. இலக்கம் போடாவிட்டால் பிள்ளைகள் ஐந்து நிலை என்றுதான் எண்ணுவினம், ஐந்துக்கும் சம வாய்ப்பு என்றும் நினைப்பினம். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் S = k ln W இல். எல்லாம் இடப்பக்கம் இருந்தால் W = 1. இரண்டு பெட்டிக்கும் இடையில் இருக்கிற தடுப்பை எடுத்த பிறகு W எவ்வளவு? பாதிப் பேர் 2–2 பரம்பலை மட்டும் எடுத்து k ln 6 = 1.79k என்கினம். ஆனால் தடுப்பில்லாத தொகுதி 16 நிலைகளிலும் இருக்கலாம்; அதனால் ΔS = k ln 16 = 2.77k. 6 என்பது "இரண்டு இரண்டாக" என்ற ஒரு பரம்பலுக்கு மட்டும் உரியது.

துணிக்கை கூடக்கூட, மொத்தத்தோட ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் அற்பமாகிவிடும். 100 துணிக்கைக்கு 50–50 பரம்பல் மட்டும் 66.8k, முழுவதும் 69.3k. ஒரு மூலுக்கு இரண்டுமே நடைமுறையில் R ln 2, அதாவது 5.76 J K⁻¹ mol⁻¹. ஆனால் 100 கொட்டையை வகுப்பில் எண்ண ஏலாது!

4 இலிருந்து 100 க்குப் போக, கல்குலேட்டரில் nCr அழுத்துவதைத் தவிர, ஒரு பாடவேளைக்குள் முடிகிற செய்முறை ஏதும் வைத்திருக்கிறியளா? 10 அல்லது 20 நாணயத்தோட செய்து பார்த்த ஆட்கள் இருந்தால், எத்தனை தரம் குலுக்கினால் பரம்பலின் வடிவம் தெரிய வருகுது எண்டும் சொல்லுங்கோ.