24,000 ரூபாய்க்கு ஆர்டர், பேங்கில் ஏறியது 10,465

தறிவீடு:
சென்னிமலை பெட்ஷீட்டை ஆன்லைனில் விற்கிறேன், ஒன்று 600 ரூபாய். போன மாதம் 40 ஆர்டர், மொத்தம் 24,000. பேங்கில் ஏறியது 10,465. சேரும்போது கமிஷன் 12 சதவீதம் என்றுதான் சொன்னார்கள். அதைக் கழித்தாலும் 21,000 வர வேண்டாமா? மீதி எங்கே போனது?

கொங்குக்காரன்:
எங்கே போகும், அவர்கள் பைக்குத்தான். பாதிக்கு மேல் சுருட்டிவிட்டார்கள். இதற்குப் பெயர் கமிஷனா, கொள்ளையா? கடையை மூடிவிட்டு சந்தையில் விரித்து வைத்து விற்கலாம்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் பொறுங்கள். தறிவீடு, செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இறக்கி ஆர்டர் நம்பர் வாரியாகப் பாருங்கள். ஆர்டர் பக்கத்தில் தெரியும் மொத்தத்தையும் பேங்கில் ஏறிய தொகையையும் நேராக ஒப்பிட்டால் ஜென்மத்துக்கும் டேலி ஆகாது. முன்னது ஆர்டர் வந்த தேதிப்படி, பின்னது பணம் தீர்த்த தேதிப்படி. எத்தனை ஆர்டர் உண்மையில் விற்பனையாக நின்றது, "அட்ஜஸ்ட்மென்ட்" என்று என்னென்ன பிடித்தம் இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.

தறிவீடு:
பார்த்தேன் சார். 5 பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பிவிட்டது, எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. 3 பேர் வாங்கிவிட்டு ரிட்டர்ன் போட்டிருக்கிறார்கள். 2 ஆர்டருக்கு "அடுத்த சுற்று" என்று இருக்கிறது. ஷிப்பிங் ஒன்றுக்கு 75. ரிட்டர்ன் ஷிப்பிங் ஒன்றுக்கு 120, ஆனால் நாலு தடவை இருக்கிறது, மூன்றுதானே வர வேண்டும்? அப்புறம் ஒரு பழைய ஆர்டருக்கு மைனஸ் 423. எடை வித்தியாசம் என்று ஆர்டருக்கு 35 வீதம் 30 பிடித்தம்.

கணக்குப்பிள்ளை:
அந்த நாலாவது 120-உம் மைனஸ் 423-உம் ஒரே ஆர்டருடையவை. அதற்கு முந்தைய சுற்றில் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பிறகு திருப்பிவிட்டதால் கொடுத்ததை இப்போது பிடித்துக்கொண்டார்கள். 600 இல்லாமல் 423 என்று இருப்பது சரிதான். கமிஷன், ஷிப்பிங், வரி எல்லாம் போக உங்கள் கைக்கு வந்ததே அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. திரும்பிய 5, ரிட்டர்ன் 3, இன்னும் தவணை வராத 2. இந்தப் பத்தும் போக நின்றது 30 ஆர்டர், 18,000 ரூபாய். ஆக 6,000 யாரும் எடுக்காத பணம். அதில் 1,200-க்கு உரிய தொகை அடுத்த சுற்றில் வரும்.

18,000-இல் கமிஷன் 2,160. ஷிப்பிங் 2,250. நாலு ரிட்டர்ன் 480. இந்த மூன்றும் சேர்ந்த 4,890-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 880. அரசுக்காகப் பிடித்தது, ஜிஎஸ்டி பக்கம் டிசிஎஸ், வருமான வரிப் பக்கம் டிடிஎஸ், சேர்த்து ஏறத்தாழ 103. மிச்சம் 12,127. அதில் பழைய 423-ஐக் கழித்தால் 11,704. எடை வித்தியாசம் 1,050, அதற்கும் 18 சதவீதம், மொத்தம் 1,239. கழித்துப் பாருங்கள், 10,465 வரும்.

கொங்குக்காரன்:
கணக்கு டேலி ஆகிவிட்டால் நியாயம் ஆகிவிடுமா சார்? 600-இல் வாடிக்கையாளர் கட்டும் 5 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கிறது. அந்தப் பணத்துக்கும் சேர்த்துத்தானே 12 சதவீதம் எடுக்கிறான்? வரிக்கு எதற்குக் கமிஷன்?

கணக்குப்பிள்ளை:
அது எனக்கும் உறுத்தும். ஆனால் ஒப்பந்தத்தில் விற்பனை விலை மீது என்றுதான் இருக்கும், கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆர்டருக்கு மூன்றரை ரூபாய் விஷயம். அதற்குச் சண்டை போடுவதைவிட எடையைப் பாருங்கள், அங்கேதான் பணம் இருக்கிறது.

வரிராஜா:
யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. கட்டணங்கள் மேல் பிடித்த அந்த 18 சதவீத ஜிஎஸ்டி செலவே கிடையாது. ரெகுலர் பதிவு இருந்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும். டிசிஎஸ்ஸும் அப்படித்தான். 2024 ஜூலையிலிருந்து அது 1 சதவீதத்தில் இருந்து அரை சதவீதம் ஆகிவிட்டது, போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் கேஷ் லெட்ஜருக்கு வந்துவிடும். டிடிஎஸ் 0.1 சதவீதம், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
டிசிஎஸ், டிடிஎஸ் நீங்கள் சொன்னபடிதான். ஜிஎஸ்டியில் பாதிதான் சரி. திரும்பக் கிடைப்பது பணமாக இல்லை, கிரெடிட்டாக. இவர் விற்பனைக்குக் கட்ட வேண்டிய 5 சதவீதம் 857 ரூபாய். கட்டணங்கள் மேல் வரும் கிரெடிட், எடை வித்தியாசத்தையும் சேர்த்தால் 1,069. துணி வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி அதற்கு மேல். மிச்சம் லெட்ஜரில் சேர்ந்துகொண்டே போகும். விற்கும்போது உள்ள வரியைவிட வாங்கும்போது கட்டிய வரி அதிகம் என்று தலைகீழ் வரி ரீஃபண்ட் கேட்டாலும் சேவைக் கட்டணத்தின் கிரெடிட்டை அதில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றமே 2021-இல் அதைச் சரி என்று சொல்லிவிட்டது. கிரெடிட்டே எடுக்க முடியாத காம்பொசிஷன் பதிவுக்காரர்களுக்கோ அந்த 18 சதவீதம் முழுக்கச் செலவுதான்.

வரிராஜா:
லெட்ஜரில் இருந்தாலும் சொத்துதானே? நாளைக்கு வேறு பொருள் விற்றால் கழித்துக்கொள்ளலாம். நான் அதை நஷ்டம் என்று எழுத மாட்டேன்.

அப்பளக்கடை:
எனக்கும் இதே கதைதான் அண்ணா. மாசம் 6,000 குறைகிறது. அப்புறம் பார்த்தால் விளம்பரச் செலவை அதிலேயே பிடிக்கிறார்கள். தினசரி வரம்பு போட மறந்துவிட்டேன். நீங்களும் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள், சரியாகிவிடும்.

தறிவீடு:
அக்கா, நான் விளம்பரமே கொடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை சார், எடைதான் புரியவில்லை. பார்சலோடு தராசில் 900 கிராம். ஒரு கிலோவுக்குள் 75 என்றார்கள். 2 கிலோ கட்டணமான 110 எப்படி வந்தது?

கூரியர்காரன்:
இதற்கு நான் சொல்கிறேன், ஹப்பில் வேலை பார்த்தவன். தராசு எடை, கன அளவு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். உங்கள் கவர் என்ன அளவு?

தறிவீடு:
38-க்கு 30. மடித்து அழுத்தினால் உயரம் 4.

கூரியர்காரன்:
அப்படியானால் 0.91, ஒரு கிலோவுக்குள்தான். ஆனால் பாலிதீன் கவருக்குள் காற்று இருந்தால் பெல்ட்டில் போகும்போது உப்பிக்கொண்டு 8 சென்டிமீட்டர் நிற்கும். மேலே இருக்கும் சென்சார் உச்சியைத்தான் அளக்கும். 38 × 30 × 8 ÷ 5000 என்றால் 1.82 கிலோ. அங்கே போனது உங்கள் 35 ரூபாய். காற்றை வெளியேற்றி, நடுவில் ஒரு டேப் சுற்றி ஒட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அதோடு புகாரும் போடுங்கள். பேக் செய்த பார்சல் மேல் அளவு டேப் வைத்து மூன்று பக்கமும் ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம், லேபிள் தெரிய வேண்டும். ரிப்போர்ட்டில் அந்தப் பிடித்தம் வந்த நாளிலிருந்து கெடு ஓடும், அது தாண்டினால் திறக்கவே மாட்டார்கள். போன மாதப் பார்சலுக்குப் படம் இல்லையென்றால், ஸ்டாக்கில் இருக்கும் அதே பெட்ஷீட்டை அதே கவரில் போட்டு எடுங்கள். சிலருக்கு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், சிலருக்கு நிராகரித்திருக்கிறார்கள்.

கொங்குக்காரன்:
அவன் சென்சார், அவன் அளவு, அவனே தீர்ப்பு. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 24,000-இல் பாதிக்கு மேல் சுருட்டினான் என்றீர்களே, அதில்தான்.

தறிவீடு:
தறிக்காரருக்கு ஒரு பெட்ஷீட்டுக்கு 310 கொடுக்கிறேன். நின்ற 30-க்கு 9,300. கையில் மிச்சம் 1,165, எடைக்குப் பிடித்ததோ 1,239. படம் எடுத்து டிக்கெட் போட்டுவிட்டேன். கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தினால் ஆர்டர் எவ்வளவு குறையும் என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?