துபாய் துணை நிறுவனத்துக்குப் பம்பு விற்கிறோம்: 3CEB படிவத்தோடு தனியாக ஒரு கோப்பும் வேண்டும் என்கிறார் ஆடிட்டர். எதற்கு?

பீளமேட்டு இயக்குநர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெரியப்பா ஓய்வு பெற்றதை அடுத்து, எங்கள் குடும்பப் பம்பு கம்பெனியில் இந்த ஏப்ரலில்தான் இயக்குநராகப் பொறுப்பேற்றேன். துபாயில் உள்ள விற்பனை நிறுவனத்தில் எங்கள் கம்பெனிக்கு 60 சதவீதப் பங்கு இருக்கிறது. அதைப் பெரியப்பா மகன் நடத்துகிறார். 2024-25தான் அவர்களுக்கு நாங்கள் சரக்கு அனுப்பிய முதல் ஆண்டு.

வெளிநாட்டு உறவு நிறுவனத்தோடு நடந்த பரிவர்த்தனைகளைப் பற்றி வருமான வரித் துறைக்கு ஆடிட்டர் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கையான 3CEB படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறார் எங்கள் ஆடிட்டர், அது புரிகிறது. அதற்கு முன்பாக, விலையை எப்படி நிர்ணயித்தோம் என்று விளக்கும் தனிக் கோப்பு ஒன்றையும் கேட்கிறார். பில், ஷிப்பிங் பில், பணம் வந்ததற்கான வங்கிச் சான்று என எல்லாமே எங்களிடம் ஒழுங்காக இருக்கும்போது, இன்னொரு கோப்பு எதற்கு என்பதுதான் என் சந்தேகம். காஸ்டிங் முழுவதையும் சித்தப்பாவின் பவுண்டரியில்தான் வாங்குகிறோம். அதற்கும் இப்படி எழுத வேண்டுமா?

திருப்பூர் ஏற்றுமதியாளர்

பயப்படாதீர்கள் அம்மா. ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்குள் இருந்தால் எதுவுமே தேவையில்லை. அதற்கு மேல் போனாலும், உறவு நிறுவனத்துக்கு விற்கும்போது ஜிஎஸ்டி சட்டப்படி திறந்த சந்தை மதிப்பில் பில் போட்டிருப்பீர்கள், அதையே காட்டிவிடலாம். சித்தப்பா பவுண்டரி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். உள்நாட்டுப் பரிவர்த்தனை 20 கோடியைத் தாண்டினால் அதற்கும் 3CEB உண்டு.

ஈரோட்டு ஆடிட்டர்

மேலே உள்ள பதிலில் சரியும் தவறும் கலந்திருக்கின்றன. 1 கோடி வரம்பு உண்மைதான், ஆனால் அது விரிவான கோப்புக்கு மட்டுமே உரிய சலுகை. வெளிநாட்டு உறவு நிறுவனத்தோடு ஒரு ரூபாய்க்குப் பரிவர்த்தனை இருந்தாலும் 3CEB கட்டாயம். வரம்புக்குள் இருப்பவரும் தம்முடைய விலை நியாயமானது என்பதைக் கையில் உள்ள ஆதாரங்களைக் கொண்டு காட்டியாக வேண்டும். ஜிஎஸ்டி மதிப்பீட்டின் நோக்கம் வேறு, அதன் விதிகளும் வேறு. வருமான வரி அதிகாரி அதை ஒரு துணைச் சான்றாகப் பார்க்கலாமே தவிர, அதோடு கேள்வியை முடித்துக்கொள்ள மாட்டார்.

பவுண்டரியைப் பொறுத்தவரை, உறவினருக்குக் கொடுக்கும் சாதாரண உள்நாட்டுச் செலவுகளை 2017 நிதிச் சட்டமே இந்த ஏற்பாட்டிலிருந்து எடுத்துவிட்டது. விலை மிகையாக இருந்தால் அந்த மிகுதியைச் செலவாக ஏற்க மறுக்கும் அதிகாரம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்காக 3CEB கிடையாது. வரிச்சலுகை பெறும் தொழிற்பிரிவு எதுவும் நடுவில் இல்லை என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். 3CEB படிவத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். விதிக்கப்பட்ட தகவல்களையும் ஆவணங்களையும் கம்பெனி முறையாக வைத்திருக்கிறது என்று ஆடிட்டர் தம் கருத்தாக அதில் எழுதிக் கையெழுத்திடுகிறார். கோப்பே இல்லாமல் அவர் எப்படி அப்படி எழுதுவார்? வைத்திருக்கும் கடமை கம்பெனியுடையது. அவருடையது அறிக்கை மட்டுமே. பில் என்பது எந்த விலைக்கு விற்றீர்கள் என்று சொல்லும். முன்பின் அறியாத ஒருவருக்கும் அந்த விலைக்குத்தான் விற்றிருப்பீர்களா என்று எந்தப் பில்லும் சொல்லாது. வருமான வரி விதிகளில் இந்தக் கோப்பைப் பற்றிய 10டி விதி கேட்பது இந்த இரண்டாவதை.

2024-25க்கு 3CEB தாக்கல் செய்யும் கடைசி நாள் 2025 அக்டோபர் 31. கோப்பும் அந்தத் தேதிக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு அதிகாரி நோட்டீஸ் அனுப்பினால் கொடுப்பதற்கு 10 நாள்தான். கேட்டுக்கொண்டால் அதிகபட்சம் இன்னொரு 30 நாள் கிடைக்கும். 2023க்கு முன்பு தொடக்கத்திலேயே 30 நாள் இருந்ததால், நோட்டீஸ் வந்த பிறகு உட்கார்ந்து எழுதும் பழக்கம் பலரிடம் இருந்தது. இனி அது நடக்காது.

பீளமேட்டு இயக்குநர்

மிக்க நன்றி ஐயா. விவரம் தருகிறேன். துபாய்க்கு அனுப்பியது ஒரே வகை 5 எச்பி நீர்மூழ்கிப் பம்பு, 3,200 எண்ணம், ஒன்று ரூ.16,900, கடன் தவணை 180 நாள். அதே பம்பை நைரோபியில் தொடர்பில்லாத ஒரு வியாபாரிக்கு 250 எண்ணம், ரூ.18,400 வீதம் விற்றோம். அவர் முழுப் பணத்தையும் சரக்கு ஏறும் முன்பே கட்டிவிட்டார். துபாய்க்கு அதிக எண்ணிக்கை என்பதால் விலை குறைவு என்று பெரியப்பா சொல்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை.

ஈரோட்டு ஆடிட்டர்

அதிகாரி கையில் எடுக்கப் போவது நைரோபி பில்லைத்தான். ஆகவே அதை நீங்களே முதலில் எடுத்துக் கணக்குப் போட்டுக் கோப்பில் வையுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் ரூ.1,500. ஆனால் துபாய்க்கு 180 நாள் கடன் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வங்கிக் கடன் வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ரூ.16,900க்கு ஆறு மாத வட்டி ஏறக்குறைய ரூ.750. இது உங்களுக்கு எதிராகப் போகிறது, வித்தியாசம் ரூ.2,250 ஆகிறது. பலர் தமக்குச் சாதகமான சரிக்கட்டல்களை மட்டும் எழுதி, இதை விட்டுவிடுவார்கள். அதிகாரியின் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

அடுத்து, வாரண்டியை யார் பார்க்கிறார்கள்? நைரோபிக்கு நீங்கள் உதிரி பாகங்களை இலவசமாக அனுப்பி, துபாயில் அவர்களே அந்தச் செலவை ஏற்றால், பம்புக்கு எவ்வளவு செலவாகிறது என்று உங்கள் உதிரி பாகக் கணக்கிலிருந்து எடுங்கள். ரூ.500 என்று வந்தால் வித்தியாசம் ரூ.1,750ஆகக் குறையும். இதோடு நின்றுவிட்டால், 3,200 பம்புக்கு 56 லட்சம் ரூபாயை உங்கள் வருமானத்தில் சேர்க்க அதிகாரிக்கு வழி இருக்கிறது.

எண்ணிக்கைத் தள்ளுபடிதான் மீதிக்கு விடை. பெரியப்பா சொன்னார் என்பது சான்றாகாது. 1,000 பம்புக்கு மேல் எடுக்கும் உள்நாட்டு வியாபாரிகளுக்கு நீங்கள் அச்சிட்ட விலைப்பட்டியலில் தள்ளுபடி இருக்கிறதா? அது 6 சதவீதம் என்றால், ரூ.18,400க்கு ரூ.1,104. மீதி ரூ.646, மொத்தம் சுமார் 20.67 லட்சம். இந்த மீதிக்கும் காரணம் கிடைக்கவில்லை என்றால், அந்தத் தொகையை நீங்களே வருமானத்தில் கூட்டி ரிட்டர்ன் போடுவதே என் பார்வையில் நல்லது. விலை வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருந்தால் அதிகாரி திருத்த மாட்டார் என்ற சலுகை காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட விலைகளின் சராசரியை எடுக்கும்போதுதான் அது பொருந்தும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நைரோபி விலை. பொருந்தினாலும் ரூ.646 அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

பல்லடம் நூற்பாலை

எங்கள் ஆலைக்கு உடுமலைப் பக்கம் காற்றாலைகள் உண்டு. அந்த மின்சாரம் ஆலைக்கே வருகிறது. கம்பெனி ஒன்றுதான், உறவு நிறுவனம் என்று எதுவும் இல்லை. இருந்தும் எங்களிடம் 3CEB கேட்டார்கள். எனவே சித்தப்பா பவுண்டரிக்கும் கேட்கத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஈரோட்டு ஆடிட்டர்

உங்கள் நிலை வேறு. காற்றாலைக்கு 80-ஐஏ வரிச்சலுகை வாங்குகிறீர்கள். அந்தப் பிரிவின் லாபத்தை ஊதிக் காட்ட வாய்ப்பு இருப்பதால், ஆலைக்கு மாற்றும் மின்சாரத்தின் விலையைச் சட்டம் பார்க்கிறது. அதுவும் இத்தகைய பரிவர்த்தனைகளின் கூட்டுத்தொகை 20 கோடியைத் தாண்டினால்தான். எந்த விலையை எடுப்பது என்ற நெடுநாள் வழக்கில், மின்வாரியம் தொழிற்சாலைகளுக்கு விற்கும் கட்டணமே சந்தை மதிப்பு என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவுண்டரிக் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

கரூர் வரி ஆலோசகர்

நைரோபி ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. 250 பம்பையும் 3,200 பம்பையும், ஆப்பிரிக்கச் சந்தையையும் வளைகுடாச் சந்தையையும் ஒரே தராசில் வைத்தால், எத்தனை சரிக்கட்டல் செய்தாலும் அது நம்பும்படி இராது. துபாய் நிறுவனம் வாங்கி விற்கும் எளிய வியாபாரிதான். அதன் நிகர லாப விகிதத்தை அங்குள்ள தொடர்பில்லாத விநியோகஸ்தர்களோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

ஈரோட்டு ஆடிட்டர்

கொள்கை அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தைச் சோதனைக்கு எடுத்தால், அதன் தணிக்கை செய்த கணக்கும் ஒப்பீட்டு நிறுவனங்களின் நம்பகமான தரவும் நம் கையில் இருக்க வேண்டும். வளைகுடாவில் தனியார் விநியோகஸ்தர்களின் கணக்கு பொதுவில் கிடைப்பது அரிது. கீழ்நிலை அதிகாரிகள் பலர் இந்த அணுகுமுறையை ஏற்பதில்லை. மேல்முறையீட்டில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. நைரோபி முறையை ஏன் எடுக்கவில்லை என்று கோப்பில் எழுதாமல் இதற்குப் போனால், அந்தப் பில்லை மறைத்ததாகத்தான் தோன்றும்.

கரூர் வரி ஆலோசகர்

மறைக்கச் சொல்லவில்லை. இரண்டையும் எழுதி, எது பொருத்தம் என்று காரணம் சொல்லட்டும். தரவு கிடைக்குமா என்பதைத் தேடிப் பார்த்த பின்தான் முடிவு செய்ய வேண்டும்.

பீளமேட்டு இயக்குநர்

இரண்டையும் எங்கள் ஆடிட்டரிடம் வைக்கிறேன். இன்னொரு விஷயம். துபாய் நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் 6 லட்சம் திர்ஹாம் வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறோம். வருமானமே வராததால் இதைச் சொல்லத் தேவையில்லை அல்லவா? விலை சரியாகவே இருந்து, கோப்பு மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஈரோட்டு ஆடிட்டர்

கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியாருக்கு வட்டியில்லாமல் கொடுத்திருப்பீர்களா என்பதே கேள்வி. கடன் எந்த நாணயத்தில் திருப்பித் தரப்பட வேண்டுமோ, அந்த நாணயத்தின் சந்தை வட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இங்கே இந்திய வங்கியின் 9 சதவீதம் பொருந்தாது. கடன் ஒப்பந்தம் திர்ஹாமில்தானா என்று பாருங்கள்; ஒப்பந்தமே இல்லை என்றால் அதுதான் முதல் ஓட்டை. அதற்காகப் பழைய தேதியில் ஒன்றைத் தயாரித்துவிடாதீர்கள். பணம் போன நாளின் வங்கிக் குறிப்பையும் இயக்குநர் குழுத் தீர்மானத்தையும் அப்படியே வையுங்கள்.

கோப்பு இல்லாததற்கும், படிவத்தில் ஒரு பரிவர்த்தனையை விட்டுவிட்டதற்கும் அபராதம் பரிவர்த்தனை மதிப்பில் 2 சதவீதம். உங்கள் பம்பு விற்பனை 5.41 கோடி ரூபாய்க்கு அது சுமார் 10.8 லட்சம். விலையில் ஒரு பைசா குறை இல்லாவிட்டாலும் இது வரும். மறுபுறம், கோப்பை உரிய காலத்தில் வைத்து, பரிவர்த்தனையையும் அறிவித்திருந்தால், அதிகாரி விலையைத் திருத்தி வருமானத்தைக் கூட்டினாலும், அந்தக் கூட்டலைக் குறைத்துக் காட்டிய வருமானமாகக் கொண்டு அபராதம் போட முடியாது.

நவம்பர் 30க்குள், பன்னாட்டுக் குழுமத்தின் விவரங்களைத் தரும் 3CEAA படிவத்தின் முதல் பகுதியையும் தாக்கல் செய்யுங்கள். பெரிய குழுமங்களுக்குத்தான் அது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழும வருவாய்க்கான 500 கோடி வரம்பு இரண்டாம் பகுதிக்கு மட்டுமே.

பீளமேட்டு இயக்குநர்

விலைப்பட்டியலைத் தேடினேன். உள்நாட்டுத் தள்ளுபடி 4 சதவீதம்தான் என்று அச்சில் இருக்கிறது, ரூ.736. மீதி ரூ.1,014 ஆகிறது. வாரண்டிச் செலவை உதிரி பாகக் கணக்கிலிருந்து எடுக்க ஸ்டோர்ஸ் பிரிவைக் கேட்டிருக்கிறேன். அந்த எண் வந்ததும் இங்கே பதிகிறேன்.