பிடிஎஃப் நெல் அட்டவணை: நிரைக் கூட்டு சரி, ஆனால் மானாவாரி குறையுது

கல்லடிக்காரி: பெரும்போக விதைப்புப் பரப்பு அறிக்கை ஒண்டு பிடிஎஃப்பில கிடைச்சது. பிரிவு வாரியா பாரிய நீர்ப்பாசனம், சிறு நீர்ப்பாசனம், மானாவாரி, மொத்தம் எண்டு நாலு நிரல். கொப்பி பண்ணி எக்செல்ல போட்டால் சில நிரையில மூண்டு எண்தான் விழுகுது. அதில கடைசி எண்ணை மொத்தத்துக்குத் தள்ளி விட்டன். எல்லா நிரையும் கூட்டினால் சரியா வருது. ஆனால் மானாவாரியே இல்லாத பிரிவு கனக்க காட்டுது. படுவான்கரைப் பக்கம் அப்பிடி இருக்குமா?

ஓட்டமாவடியான்: எனக்கும் இதே கரைச்சல். பாமினி எழுத்து, யூனிகோட்டுக்கு மாத்தினதும் சரியாகிட்டு.

கல்லடிக்காரி: எழுத்து வடிவாத்தான் வருது. எண்தான் இடம் மாறுது.

வயல்காரன்: நிரை கூட்டுப்பட்டால் பயமில்ல. எண்கள் எழுத்தா நிக்குதோ எண்டு மட்டும் பாருங்க. அப்பிடி நிண்டால் SUM சத்தமில்லாம விட்டுட்டுக் கூட்டும்.

சம்மாந்துறை நானா: SUM கதை சரி, நிரைக் கதை சரியில்ல தம்பி. வெறும் கட்டம் கொப்பியில காணாமப் போகும், வலப்பக்க எண் இடப்பக்கம் நகரும். நகர்ந்தாலும் நிரைக்குள்ள அதே எண்கள்தானே, கூட்டு எப்பவும் சரியா வரும். நிரலைக் கூட்டி, அச்சில உள்ள அடி மொத்தத்தோட வைச்சுப் பாருங்க. சும்மா ஒரு கணக்கு:

```
அ     2400  310   690  3400
ஆ     1850        420  2270
இ      900   95   510  1505
அடி    5150  405  1620  7175
```

ஆவில 420 சிறு நீர்ப்பாசனத்துக்குள்ள போயிட்டு எண்டு வைங்க. அந்த நிரல் 825 ஆகும், மானாவாரி 1200. ஒண்டில 420 கூட, மற்றதில 420 குறைய. 7175 மட்டும் அசையாது. வித்தியாசமா வாற எண் அட்டவணைக்குள்ளயே இருந்தால் அந்த நிரைதான் ஆள். பல நிரை நகர்ந்திருந்தால் அவை சேர்ந்த தொகைதான் வரும், அப்ப ஒவ்வொண்டாத் தேட வேணும். அடி மொத்த வரியையும் சேர்த்துக் கூட்டிப் போடாதீங்க, இரட்டிப்பாகும்.

கையால தள்ளுறதை விட்டுட்டு இப்பிடி எடுங்க, வெறும் கட்டம் வெளியாவே நிக்கும்:

```
pdftotext -layout -f 3 -l 3 arikkai.pdf p3.txt
```

பக்கத்துக்குப் பக்கம் நிரல் விழுற இடம் மாறும், அதனால ஒவ்வொரு பக்கமா எடுத்து, எக்செல்ல நிலையான அகலத்தில பிரிங்க. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் எண்டால் இது வேலைக்காகாது.

கல்லடிக்காரி: செய்தன் நானா. மானாவாரி வந்துட்டு. மறுகா ஒரு பக்கத்தில மட்டும் சிறு நீர்ப்பாசனம் 3 ஹெக்டேர் குறையுது. 3 எண்டு ஒரு கட்டமும் இல்ல, மற்ற நிரலெல்லாம் சரி.

சம்மாந்துறை நானா: மற்றது ஒண்டும் கூடாமக் குறையிறதெண்டால் இடம் மாறினதில்ல. தசமத்தை முழு எண்ணாக்கினதில வந்திருக்கலாம், அச்சுப் பிழையாவும் இருக்கலாம். அந்த நிரலைப் பிடிஎஃப்போட கண்ணால ஒப்பிடுங்க. ஒத்திருந்தால் எண்ணை மாத்தாம, பக்கத்துக் கட்டத்தில குறிப்பு எழுதி விடுங்க.

வயல்காரன்: அப்ப எண்ட போன வருசத்து ஃபைலையும் கிறுகிப் பார்க்க வேணும் போல.