எஃப்டி ப்ரீ-க்ளோஸ்: போடும்போது சொல்லாத பெனால்டியைத் திருப்பிக் கேட்கலாமா?

காசிமேடு போட்டுக்காரன் (2024 ஜூன் 17)

வணக்கம். 2023 மார்ச் 6 அன்னிக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம் எஃப்டி போட்டேன். 3 வருஷம், 7.25 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி கணக்குல வந்துடும். மீன்பிடி தடைக்காலம் முடியறதுக்குள்ள என் போட்டோட இன்ஜின் வேலைய முடிக்கணும்னு இந்த ஜூன் 6 அன்னிக்கு க்ளோஸ் பண்ணேன். அஞ்சு தடவ வட்டி ஒழுங்கா வந்துருக்கு. ஆனா கடைசில கைக்கு வந்தது 4,90,625. அசல்லயே 9,375 குறையுது. கேட்டா பெனால்டின்றாங்க. போடும்போது ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. தள்ளுபடி பண்ணச் சொல்லி லெட்டர் எழுதலாமா? என்னன்னு எழுதறது?

எம்.சி. ரோடு ஜவுளி

பாதியில எடுத்தா பெனால்டி உண்டுன்னு ஊருக்கே தெரியும் பிரதர். பாரத்துல கையெழுத்து போட்டிருப்பீங்க. அதுக்கப்புறம் தெரியாதுன்னு சொன்னா எந்த மேனேஜரும் ஒத்துக்க மாட்டார். என் அனுபவத்துல சொல்றேன், நேர்ல போய் கஷ்டத்தச் சொல்லுங்க. தடைக்காலம், வருமானம் இல்ல, இன்ஜின் செலவுன்னு சொன்னா மனுஷன் இரங்குவார். சட்டம் பேசினா காரியம் கெட்டுடும்.

பெரம்பூர் லோகோ

அது பெனால்டி மாதிரி தெரியல. டிடிஎஸ் பிடிச்சிருப்பாங்க. ரிட்டர்ன் போட்டா வந்துடும், கவலப்படாதீங்க.

பழைய கேஷியர், தண்டையார்பேட்டை

டிடிஎஸ் இல்லை ஐயா. 5 லட்சத்துக்கு 7.25 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 36,250 ரூபாய் வட்டி. இந்த 2024-ல் வரம்பு 40,000. அந்த வங்கியில் வேறு வைப்பு இல்லாவிட்டால் பிடிக்கவே மாட்டார்கள்.

தம்பி, லெட்டருக்கு முன்னாடி ஒரு கணக்கைப் பார்க்கணும். அந்த 9,375-ல் இரண்டு வேறு வேறு பிடித்தம் கலந்திருக்கு. பாண்டு போட்ட அன்றைக்கு அந்த வங்கியில் ஒரு வருஷத்துக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் என்ன வட்டி இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரசீதோ அன்றைய வட்டிப் பட்டியலோ கையில் இருக்கிறதா?

காசிமேடு போட்டுக்காரன்

பாண்டு பேப்பர அவங்களே வாங்கிக்கிட்டாங்க சார். பின்னாடி ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து வாங்கினாங்க. ஆனா பொண்ணு காலேஜ் அட்மிஷனுக்கு போன வருஷம் ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்தது வீட்ல இருக்கு. வட்டி கவுண்டர்ல கேட்டேன். அன்னிக்கு 15 மாசத்துக்கு 6.75-னு சொன்னாங்க.

பழைய கேஷியர், தண்டையார்பேட்டை

அப்போ கணக்கு சரியாக விழுகிறது. 15 மாதம், அதாவது ஐந்து காலாண்டு, 7.25 சதவீதத்தில் உங்களுக்கு வந்த வட்டி 45,312 ரூபாய் 50 காசு. நீங்கள் 15 மாதம்தான் வைத்திருந்தீர்கள், அதற்குரிய வட்டி 6.75 சதவீதம். அதன்படி வந்திருக்க வேண்டியது 42,187.50. இந்த வித்தியாசம் 3,125. அதற்கு மேல் 1 சதவீதம் அபராதம் போட்டு 5.75-க்கு இறக்கியிருக்கிறார்கள். அது இன்னொரு 6,250. கூட்டினால் உங்கள் 9,375. வட்டியை ஏற்கெனவே உங்களிடம் கொடுத்துவிட்டதால் பிடிக்க வேறு இடம் இல்லை, அசலில் கை வைத்தார்கள்.

இதில் 3,125 ரூபாயை மறந்துவிடுங்கள். முன்கூட்டி எடுத்தால் பணம் இருந்த காலத்துக்குரிய வட்டிதான் தரணும், ஒப்பந்த வட்டி அல்ல. இது ரிசர்வ் வங்கியே சொன்னது, வங்கி நினைத்தாலும் மாற்ற முடியாது. கேட்க வேண்டியது 6,250. 2016 மார்ச் 3 தேதியிட்ட வைப்பு வட்டி உத்தரவில் அபராதத்தை வங்கிகள் தாங்களே நிர்ணயிக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் அதன் கூறுகளை வைப்பை ஏற்கும்போதே வைப்பாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்கணும், தெரிவிக்காவிட்டால் வசூலிக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதனால் லெட்டரில் தள்ளுபடி என்ற வார்த்தையே வேண்டாம். தள்ளுபடி அவர்கள் இஷ்டம். இது வசூலிக்கக் கூடாத பணம்.

வியாசர்பாடி 39

இதத்தான் நானும் சொல்ல வந்தேன். ரிசர்வ் பேங்க் ரூல்படி பெனால்டியே போடக் கூடாது. 9,375 முழுசா கேளுங்க. பிராஞ்சுக்குப் போய் நேரத்த வீணாக்காம நேரா ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல போட்டு விடுங்க. அடுத்த வாரமே பதறிக்கிட்டு போன் பண்ணுவாங்க.

பழைய கேஷியர், தண்டையார்பேட்டை

பெனால்டி போடலாம், சொல்லிவிட்டுப் போடணும். முழுத் தொகையையும் கேட்டால் வங்கி அந்த 3,125-ஐப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் பதில் எழுதி, 6,250-ஐப் பேசாமலே ஃபைலை மூடிவிடும். அப்படி மூடியதை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

ஆம்புட்ஸ்மேனிடம் நேராகப் போனாலும் நிற்காது. முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, அவர்கள் மறுக்கணும், அல்லது 30 நாள் பதில் வராமல் இருக்கணும், அல்லது வந்த பதில் திருப்தியில்லாமல் இருக்கணும். அதற்கு முன்னால் cms.rbi.org.in-ல் போட்டால் அப்படியே திருப்பிவிடுவார்கள்.

எம்.சி. ரோடு ஜவுளி

கேஷியர் சார், உங்க அனுபவத்துக்கு மரியாத. ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது. ஒண்ணு, ரேட் போர்டுலயும் வெப்சைட்டுலயும் ‘முன்கூட்டி எடுத்தால் 1 சதவீதம்’னு போட்டிருப்பாங்க. அது தெரிவிச்சதுதானே? ரெண்டாவது, க்ளோஸ் பண்ற பாரத்துலயே பெனால்டி பிடிச்சுக்க சம்மதம்னு அச்சடிச்சிருக்கும், அதுலயும் இவர் கையெழுத்து போட்டிருக்கார். சம்மதிச்சு பணத்த வாங்கிட்டு வந்து இப்ப கேட்டா நியாயம் யார் பக்கம்?

பழைய கேஷியர், தண்டையார்பேட்டை

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். உத்தரவு பேசுவது பணத்தை வாங்கும் நேரத்தைப் பற்றி. எடுக்க வரும் நாளில் மெக்கானிக் துறைமுகத்தில் காத்துக்கொண்டிருக்கிறார், பணம் இல்லாமல் வேலை நிற்கிறது. அப்போது நீட்டும் பாரத்தில் சம்மதம் என்று இருந்தால் அவர் வேறு என்ன செய்வார்? 15 மாதம் கழித்துச் சொன்னது முன்கூட்டிச் சொன்னதாகாது.

போர்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் கனம் இருக்கிறது. வங்கியும் அதைத்தான் சொல்லும். என் வாதம், தெரிவிப்பது என்றால் அந்த வைப்பாளருக்குத் தெரிவிப்பது. சுவரில் ஒட்டியதை இவர் படித்தார் என்று எப்படிக் காட்டுவார்கள்? ஆனால் ஒன்று, இவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் கையெழுத்துக்கு மேலே 1 சதவீதம் என்று அச்சாகியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. வாயால் சொல்லவில்லை என்பது அதன் முன் நிற்காது. தம்பி, அந்த விண்ணப்ப நகலைக் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸில் பின்பக்கம் என்ன இருக்கிறது என்றும் படித்துச் சொல்லுங்கள்.

ராயபுரம் அக்கா

தம்பி, நான் ஒரு தப்பு பண்ணாம தப்பிச்சேன். போன வருஷம் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு எஃப்டிய உடைக்கப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, உடைக்காதீங்க ஆன்ட்டி, பாண்டு மேல லோன் எடுத்துக்கங்கன்னு சொல்லுச்சு. எஃப்டி வட்டிக்கு மேல ஒண்ணு, ஒண்ணரை சதவீதம்தான் கூட. ஆறு மாசத்துல கட்டிட்டேன், எஃப்டி அப்படியே இருக்கு. உங்களுக்கும் அத சொல்லியிருக்கணும். இனிமே போட்டா இத மனசுல வெச்சுக்கங்க.

காசிமேடு போட்டுக்காரன்

அக்கா, யாராவது சொல்லியிருந்தா அதையே செஞ்சிருப்பேன்.

கேஷியர் சார், இன்னிக்கு காலையில பிராஞ்சுக்குப் போனேன். முதல்ல ரெக்கார்டு ரூம்ல இருக்குன்னாங்க. நாலு மணிக்கு வரச்சொல்லி பாரத்தோட நகலக் கொடுத்தாங்க. பொடி எழுத்துல, கையெழுத்துக்கு மேல, ‘முன்கூட்டி முடித்தால் வங்கியின் அவ்வப்போதைய விதிகளின்படி வட்டி வழங்கப்படும்’னு இருக்கு. சதவீதம் எதுவும் இல்ல. ஜெராக்ஸ் பின்பக்கமும் அதே வரிதான்.

எம்.சி. ரோடு ஜவுளி

பாத்தீங்களா, விதிகளின்படின்னு இருக்கு. அதுல பெனால்டியும் அடக்கம்னுதான் பேங்க் சொல்லும்.

பழைய கேஷியர், தண்டையார்பேட்டை

சொல்லும். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வரி வட்டியைப் பற்றிப் பேசுகிறது. அபராதம் என்ற சொல்லும் இல்லை, எவ்வளவு என்றும் இல்லை. உத்தரவு கூறுகளைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. எதிர் வாதம் இருக்கிறது என்பது உண்மை, அதை ஆம்புட்ஸ்மேன் எப்படிப் பார்ப்பார் என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் கேட்காமல் விடும் அளவுக்கு உங்கள் பக்கம் பலவீனமாக இல்லை.

இப்படி எழுதுங்கள், தமிழிலேயே போதும்:

‘எனது வைப்பு 6.3.2023 அன்று ஏற்கப்பட்டு 6.6.2024 அன்று முடிக்கப்பட்டது. 15 மாதத்துக்குரிய 6.75 சதவீத வட்டியை நான் ஏற்கிறேன். அதற்கு மேல் 1 சதவீத அபராதமாகப் பிடித்த 6,250 ரூபாயை ஏற்கவில்லை. வைப்பை ஏற்றபோது இந்த அபராதமும் அதன் விகிதமும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்திலும் ரசீதிலும் அது இல்லை, நகல்கள் இணைத்துள்ளேன். தெரிவிக்காத அபராதத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2016 மார்ச் 3 உத்தரவு கூறுவதால், இத்தொகையை என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும். மறுப்பதானால், எந்தத் தேதியில் எந்த ஆவணத்தில் தெரிவித்தீர்கள் என்று எழுத்தில் பதில் தரவும்.’

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். சீல் இல்லாத லெட்டர் கொடுக்காத லெட்டர் மாதிரிதான், 30 நாளை எங்கிருந்து எண்ணுவது?

எம்.சி. ரோடு ஜவுளி

லெட்டர் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கூடவே மேனேஜரப் பாத்து ரெண்டு வார்த்த பேசுங்க. என் கடை எஃப்டில எங்க மேனேஜர் பெனால்டில பாதி விட்டுக் கொடுத்தார்.

பழைய கேஷியர், தண்டையார்பேட்டை

பேசட்டும், தப்பில்லை. ஆனால் நான் இருந்த வங்கியில் பிடித்த அபராதத்தைத் திருப்பும் அதிகாரம் கிளைக்கே கிடையாது, மண்டல அலுவலகம் அனுமதிக்கணும். அங்கே மேலே போவது காகிதம்தான். பாதி தருகிறோம், மீதியைக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றால், அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

காசிமேடு போட்டுக்காரன் (2024 ஜூன் 24)

இன்னிக்கு கொடுத்துட்டேன் சார். சீல் போட மொதல்ல யோசிச்சாங்க, மேனேஜர் வந்து படிச்சுப் பாத்துட்டு அவரே போட்டாரு. ‘இத மேல அனுப்பறேன், என் கைல இல்ல’ன்னாரு. ஜவுளி அண்ணன் சொன்ன மாதிரி பேசியும் பாத்தேன், நல்லாத்தான் பேசினாரு. ஜூலை 24 வரைக்கும் பாக்கறேன். பதில் வந்தா அப்படியே இங்க போடறேன்.

வியாசர்பாடி 39

வராட்டி 25-ஆம் தேதி சொல்லுங்க. ஆன்லைன்ல போடறதுக்கு நான் வந்து உக்காந்து போட்டுத் தர்றேன். சீல் போட்ட பிரதிய பத்திரமா வெச்சிருங்க, அத ஸ்கேன் பண்ணி ஏத்தணும்.